“இணைத்துள்ளேன்” என்று எழுதும் முன்: விரிவுரையாளர் பணிக்கான மின்னஞ்சலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் உயிரியல் துறையில் ஒரு பணியிடம் காலி என்று விளம்பரம் போனால், அடுத்த மூன்று வாரத்துக்கு ஒரே அச்சில் வார்த்த மாதிரி மின்னஞ்சல்கள் வந்துகொண்டே இருக்கும். இது தனியார் பல்கலைக்கழகம். மாணவர்களில் பெரும்பாலோர் இளநிலைப் பட்டப் படிப்பில் இருப்பவர்கள். சி.வி.யோடு டீச்சிங் ஸ்டேட்மெண்ட் ஒன்றும் ரிசர்ச் ஸ்டேட்மெண்ட் ஒன்றும் கேட்போம். அரசுப் பல்கலைக்கழகங்களின் கதை வேறு. யு.ஜி.சி.யின் 2018 விதிமுறைகள் தந்த அட்டவணையில் பட்டப் படிப்பு, நெட், ஆய்வுக் கட்டுரை, அனுபவம் போன்றவற்றுக்குத்தான் மதிப்பெண். கற்பித்தல் தத்துவம் என்று ஒரு வரிசையே கிடையாது. அங்கே படிவத்தைச் சரியாக நிரப்புவதுதான் முக்கியம். நான் சொல்லப்போவது ஸ்டேட்மெண்டைக் கேட்டு வாங்கி, உட்கார்ந்து படிக்கும் இடங்களுக்கு.

ஒருமுறை வந்த மின்னஞ்சலின் சாரம் இது (மூலம் ஆங்கிலத்தில்): “மாணவரை மையமாகக் கொண்ட கற்பித்தலில் நம்பிக்கை உள்ளவள். ஒவ்வொருவரின் தனித்திறனையும் வெளிக்கொணர்வதே என் கற்பித்தல் தத்துவம். என் ஆய்வு ஆர்வங்கள்: சூழலியல், நன்னீர் உயிரியல், பல்லுயிர்ப் பெருக்கம், காலநிலை மாற்றம், உயிர்ப்புள்ளியியல். தங்கள் மேலான பார்வைக்கு ஸ்டேட்மெண்டுகளை இணைத்துள்ளேன்.”

இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் கீழே இருக்கும் பெயரை மறைத்துவிட்டால் இதை யார் அனுப்பியது என்று சொல்ல முடியாது. அன்று வந்தவற்றில் பாதிக்கு மேல் இதே வரிகள்தான். மாணவரை மையமாக வைக்காமல் பாடம் நடத்துவேன் என்று எவர் எழுதப் போகிறார்?

வேடிக்கை என்னவென்றால், சொல்லத் தக்க சரக்கு அவரிடம் இருந்தது. டீச்சிங் ஸ்டேட்மெண்டின் இரண்டாம் பக்கத்தில் அதைப் புதைத்து வைத்திருந்தார். இரண்டாம் ஆண்டு மாணவர்கள் புத்தகத்தில் இருக்கும் எண்களை வைத்துச் சராசரியும் திட்ட விலக்கமும் போட்டுவிடுகிறார்கள், எதற்குப் போடுகிறோம் என்று கேட்டால் விழிக்கிறார்கள். அதனால் அவர்களைத் துறை வாசலில் இருந்த புங்க மரத்துக்கு அழைத்துப் போனார். வெயில் படும் பக்கத்தில் இருபது இலை, நிழல் பக்கத்தில் இருபது இலை அளக்க வேண்டும். ஒரே இலையை இரண்டு பேர் அளந்து இரண்டு விடை வந்தபோது, அளவீட்டுப் பிழை என்றால் என்ன என்ற கேள்வியை மாணவர்களே கேட்டார்கள். அறுபது பேரை வைத்துக்கொண்டு முதல் ஆண்டு அந்த வகுப்பு மூன்று மணி நேரம் இழுத்தது. மறு ஆண்டு நான்கு நான்கு பேராகப் பிரித்தபின் ஒரு செய்முறை வகுப்புக்குள் அடங்கியது.

இழுத்தது என்று அவர் ஒப்புக்கொண்ட அந்த ஓர் இடத்தில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. வகுப்பில் நின்றவருக்குத்தான் அது தெரியும். மின்னஞ்சலில் அவர் எழுதியிருக்க வேண்டியது இவ்வளவுதான்: “உயிர்ப்புள்ளியியலை மாணவர்களே அளந்த இலைகளிலிருந்து தொடங்குகிறேன், அறுபது பேர் வகுப்பில் அதை எப்படி நடத்தினேன் என்பது டீச்சிங் ஸ்டேட்மெண்டில், இரண்டாம் பக்கத்தில் உள்ளது.” தத்துவம் என்ற சொல்லே வேண்டாம்.

ஆய்வு ஆர்வத்திலும் இதே கோளாறு. ஐந்து துறைப் பெயர்களை அடுக்கினால் பரந்த அறிவு தெரியும் என்று நினைக்கிறார்கள். படிப்பவருக்கோ, இவர் எதில்தான் வேலை செய்கிறார் என்ற சந்தேகம் வருகிறது. துறைப் பெயர் ஆர்வம் ஆகாது, கேள்விதான் ஆர்வம். அவருடைய கேள்வி ரிசர்ச் ஸ்டேட்மெண்டில் தெளிவாகவே இருந்தது: கோடையில் வற்றும் ஏரியில் எந்த நத்தைகள் சேற்றுக்குள் உறங்கி அடுத்த மழைக்கு மீள்கின்றன, ஆண்டு முழுக்கத் தண்ணீர் நிற்கும் ஏரியில் அந்த இனங்களின் கலவை எப்படி மாறுகிறது? இதற்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. கைவலை, நுண்ணோக்கி, பக்கத்தில் இரண்டு ஏரிகள். இளநிலை மாணவர்களே ஒரு பருவத்தில் செய்து முடிக்கலாம். எங்களைப் போன்ற துறைக்கு இந்தக் கடைசித் தகவல்தான் தங்கம், அதுதான் மின்னஞ்சலில் இல்லை.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. ஸ்டேட்மெண்டையே அள்ளி மின்னஞ்சலில் கொட்டிவிடுவார்கள். நான் முதலில் கைபேசியில்தான் படிக்கிறேன்; நான்கு முறை விரலால் தள்ள வேண்டியிருந்தால் பிறகு பார்க்கலாம் என்று மூடிவிடுவேன். எந்தப் பணி, நான் யார், ஒரு வகுப்பறை, ஓர் ஆய்வுக் கேள்வி, உங்கள் விளம்பரத்தில் கேட்ட பாடங்களில் எவற்றை எடுப்பேன், என்னென்ன இணைத்திருக்கிறேன்: ஆங்கிலத்தில் நூற்றைம்பது முதல் இருநூறு சொற்கள் போதும்.

இதைவிட ஆபத்தான ஒன்று, மின்னஞ்சலும் ஸ்டேட்மெண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் இருப்பது. விளம்பரத்தில் காலநிலை மாற்றம் என்று இருந்தால் மின்னஞ்சலில் அதைச் சேர்த்துவிடுவார்கள். ஸ்டேட்மெண்ட் போன வருஷத்துடையது, அதில் அந்தப் பேச்சே இருக்காது. தேர்வுக் குழுவில் எவராவது இதைக் கண்டுபிடித்தால் மற்ற வரிகளையும் நம்ப மாட்டார்கள். அனுப்பும் முன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, மின்னஞ்சலில் சொன்ன ஒவ்வொன்றுக்கும் ஸ்டேட்மெண்டில் ஒரு பத்தியாவது இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். இல்லாததை ஸ்டேட்மெண்டில் எழுதுங்கள், முடியாவிட்டால் மின்னஞ்சலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இனி இணைப்புகள். ஜிமெயிலில் இணைப்புகள் 25 எம்.பி.யைத் தாண்டினால் கோப்பு டிரைவ் லிங்காக மாறிவிடும். அனுமதியைத் திறந்துவிடாவிட்டால் எங்களுக்குத் தெரிவது அனுமதி கேட்கும் பக்கம் மட்டும்தான். நள்ளிரவில் அனுமதி கேட்டு யாரும் காத்திருக்க மாட்டார்கள். பெரும்பாலும் ஸ்கேன் செய்த சான்றிதழ்கள்தான் எடையைக் கூட்டுகின்றன. விளம்பரம் கேட்காவிட்டால் அவற்றை விட்டுவிடுங்கள். கோப்புப் பெயர் `final_new2.pdf` என்று இருந்தால் இறக்கிவைத்த பிறகு யாருடையது என்று தெரியாது. `Surname_Teaching_Statement.pdf` என்ற மாதிரி இருக்கட்டும். தமிழ்த் துறைக்கு விண்ணப்பிப்பவர்கள் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் வேர்டு கோப்பை அனுப்பினால், எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத்தான் திறக்கும். யூனிகோடில் தட்டச்சு செய்து பி.டி.எஃப். ஆக்கி அனுப்புங்கள்.

பலர் கவனிக்காத இடம் பி.டி.எஃப்.பின் உள் தலைப்பு. பழைய கோப்பையே திருத்தித் திருத்திப் பயன்படுத்தினால், பிரவுசர் தாவலில் முன்பு விண்ணப்பித்த வேறொரு பல்கலைக்கழகத்தின் பெயர் வந்து நிற்கலாம். வேர்டில் `File` > `Info` போனால் `Title` என்ற இடத்தில் அது இருக்கும். திருத்திவிட்டு மறுபடி பி.டி.எஃப். ஆக்குங்கள். பிறகு எல்லாவற்றையும் உங்களுடைய இன்னொரு மின்னஞ்சலுக்கு அனுப்பி, கைபேசியில் திறந்து பாருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு கோப்பு விடுபட்டுப் போகும், எல்லோருக்கும் நடப்பதுதான். விடுபட்டதை மட்டும் தனியாக அனுப்பாதீர்கள். இரண்டு மின்னஞ்சலையும் யாராவது சேர்த்துவைப்பார்கள் என்று நம்ப முடியாது. முழுத் தொகுப்பையும் மறுபடி இணைத்து, “ரிசர்ச் ஸ்டேட்மெண்ட் விடுபட்டிருந்தது, முந்தையதற்குப் பதிலாக இதை எடுத்துக்கொள்ளவும்” என்று முதல் வரியில் எழுதுங்கள். மன்னிப்பு ஒரு முறை கேட்டால் போதும். ஒருவர் மூன்று பத்திக்கு மன்னிப்பு கேட்டுவிட்டு, மறுபடியும் கோப்பை இணைக்க மறந்திருந்தார்.