பிசினஸ் பேஜில் வம்பு கமெண்ட்: பதில் சொல்வதா, விடுவதா, மறைப்பதா?

சின்னதாக ஒரு வியாபாரம் வைத்து, அதற்கு ஃபேஸ்புக்கிலோ இன்ஸ்டாகிராமிலோ ஒரு பேஜ் நடத்துபவர்களுக்கு எழுதுகிறேன். ஒரு போஸ்டை நூறு இருநூறு ரூபாய் போட்டு பூஸ்ட் செய்த அன்றுதான் பெரும்பாலும் இந்தத் தலைவலி தொடங்கும், ஏனென்றால் அதுவரை தெரிந்தவர்கள் மட்டும் பார்த்த பேஜை முன்பின் தெரியாத ஆயிரம் பேர் பார்க்கிறார்கள், அதில் நாலு பேர் வம்புக்கென்றே வருவார்கள்.

ஒரு உதாரணத்தைப் பிடித்துக்கொண்டு போவோம். காங்கேயம் பக்கம் மரச்செக்கு கடலை எண்ணெய் ஆட்டி விற்கும் ஒரு அக்கா, லிட்டர் 360 ரூபாய் என்று போஸ்ட் போட்டிருக்கிறார். சாயங்காலத்துக்குள் இந்த நாலும் வந்துவிட்டன:

- "360 ரூபாயா? கடையில 170க்கு கிடைக்குது. நல்லா உருட்டுங்க 🤣"
- "பாமாயில் கலப்படம். பிரிட்ஜ்ல வச்சு பாருங்க, உறையும்."
- "🤡🤡🤡"
- "நாங்க ரொம்ப நாளா இங்கதான் வாங்குறோம்" என்று எழுதிய ஒரு பெண் வாடிக்கையாளருக்குக் கீழே, அவரைக் குறித்து ஒரு கெட்ட வார்த்தை.

முதல் படி: எதையும் தொடுவதற்கு முன் ஸ்கிரீன்ஷாட்

நாலையும் படம் எடுத்து வையுங்கள். கம்ப்யூட்டரில் பார்க்கிறீர்கள் என்றால் கமெண்டுக்குக் கீழே இருக்கும் நேரத்தைச் சொடுக்குங்கள், அந்தக் கமெண்டுக்கு மட்டுமான லிங்க் மேலே வரும், அதையும் காப்பி செய்து வையுங்கள். எழுதியவரே பிறகு அழித்துவிட்டாலோ, நீங்கள் அழித்த பிறகு புகார் கொடுக்க வேண்டி வந்தாலோ கையில் வேறு ஒன்றும் இருக்காது.

அப்புறம் அவருடைய பெயரை உங்கள் வாட்ஸ்அப் ஆர்டர்களில் ஒருமுறை தேடுங்கள். வாங்கியவர் என்று தெரிந்தால் அது வம்பு இல்லை, புகார். எவ்வளவு மட்டமான தொனியில் எழுதியிருந்தாலும் அது புகார்தான், அதை மறைக்கிற பேச்சே வேண்டாம். கிடைக்கவில்லை என்றால் அடுத்த படிக்குப் போங்கள். ஆனால் "இவன் யார், போட்டிக் கடைக்காரன் ஏவிவிட்டதா, போலிக் கணக்கா" என்று புரொஃபைலுக்குள் இறங்கி ஒரு மணி நேரம் துப்பறிய வேண்டாம். ஆளை எடை போட்டு முடிவெடுத்தால் பாதி நேரம் தப்பாகத்தான் போகும், ஏனென்றால் நிஜ வாடிக்கையாளரும் கோபத்தில் வம்பன் மாதிரி எழுதுவார், காசு வாங்கிக்கொண்டு எழுதுபவர் பணிவாகவும் எழுதுவார்.

இரண்டாம் படி: கமெண்டில் ஒரு தகவல் இருக்கிறதா?

எழுதியவரை மறந்துவிட்டு, நாளை உங்கள் பேஜுக்கு முதல்முறையாக வந்து, வாங்கலாமா என்று யோசிக்கும் ஒருவரை நினையுங்கள். இந்தக் கமெண்டைப் படித்ததும் அவர் நம்பக்கூடிய, உண்மையா பொய்யா என்று சோதித்துப் பார்க்கக்கூடிய ஏதாவது அதில் இருக்கிறதா? இருந்தால் பதில். வெறும் ஏளனம் என்றால் விட்டுவிடுங்கள். படிக்கிற இன்னொருவருக்குத் தீங்கு செய்கிறதென்றால், அதாவது வாடிக்கையாளரை இழிவாகப் பேசுவது, சாதி மத வசை, யாருடைய போன் நம்பராவது, மோசடி லிங்க், இவையெல்லாம் மறைக்க வேண்டியவை.

இதை வைத்துப் பார்த்தால் கோமாளி முகம் விட்டுவிட வேண்டியது, கெட்ட வார்த்தை மறைக்க வேண்டியது. பாமாயில் கமெண்டில் சோதித்துப் பார்க்கக்கூடிய குற்றச்சாட்டு இருக்கிறது, கட்டாயம் பதில் வேண்டும். பலரும் தடுமாறுவது விலையைப் பற்றிய முதல் கமெண்டில்தான். 'உருட்டு' என்கிற வார்த்தையைப் பார்த்துக் கடுப்பாகி விட்டுவிடுவார்கள் அல்லது மறைத்துவிடுவார்கள். ஆனால் அந்த வார்த்தையையும் சிரிப்பையும் கழித்துவிட்டுப் படியுங்கள்: கடையில் பாதி விலைக்குக் கிடைக்கும்போது உங்களிடம் ஏன் வாங்க வேண்டும்? கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு நகர்ந்துபோன இருபது பேரின் கேள்வி அது. ஓசியில் உங்களுக்குக் கிடைத்த வாய்ப்பு, விடாதீர்கள்.

மூன்றாம் படி: பதில் எழுதுவது

பதில் அவருக்கு இல்லை, படித்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கு. அதனால் அவர் பெயரைச் சொல்லி இழுப்பதோ, கிண்டலுக்குக் கிண்டலோ, "உங்களுக்கு வேணாம்னா போங்க" என்பதோ கூடாது. தகவலை முதல் வரியிலேயே வையுங்கள். விலைக்கு இப்படி எழுதலாம்:

"ஒரு லிட்டர் எண்ணெய்க்கு எங்கள் செக்கில் சுமார் இரண்டரை கிலோ கடலைப்பருப்பு பிடிக்கிறது. பருப்பு கிலோ 130 என்றாலே 325 ரூபாய் ஆகிறது. புண்ணாக்கு விற்ற காசைக் கழித்து, ஆட்டுக்கூலி, பாட்டில், எங்கள் லாபம் சேர்த்துத்தான் 360. பெரிய ஆலைகளில் புண்ணாக்கில் மிச்சமிருக்கும் எண்ணெயையும் கரைப்பான் வைத்து எடுத்துவிடுவார்கள், அதனால் அவர்களுக்கு அடக்கவிலை குறையும்."

கணக்கு உங்களுடையதாக இருக்க வேண்டும், இதை அப்படியே ஒட்டாதீர்கள். ரீஃபைண்ட் எண்ணெய் விஷம் என்கிற மாதிரி எதுவும் சேர்க்கவும் வேண்டாம், அதற்குக் கீழே புதிதாக ஒரு சண்டை வரும்.

பாமாயில் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. கலப்படமே இல்லாத கடலை எண்ணெயும் பிரிட்ஜ் குளிரில் கலங்கும், கெட்டியாகும். அந்த ஆள் உண்மையிலேயே வீட்டில் வைத்துப் பார்த்துப் பயந்துபோய் எழுதியிருக்கவும் கூடும். இரண்டுக்கும் பொருந்துகிற பதில் இது:

"கடலை எண்ணெய் எதுவுமே பிரிட்ஜில் வைத்தால் கெட்டியாகும், வெளியே எடுத்து வைத்தால் தெளிந்துவிடும். அதை வைத்துக் கலப்படத்தைச் சொல்ல முடியாது. எங்கள் எண்ணெயின் ஆய்வக அறிக்கையை இத்துடன் போட்டிருக்கிறோம். எங்கள் பாட்டில்தான் என்றால் பேட்ச் எண்ணை அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறோம்."

ஆய்வக அறிக்கை இல்லையென்றால் அந்த வரியை எடுத்துவிட்டு, செக்குக்கு நேரில் வந்து ஆட்டுவதைப் பார்க்கலாம் என்று எழுதுங்கள். '100% சுத்தம்' என்று வெறும் வாயால் சொல்வதில் பயனில்லை. சிலர் லேபிளில் இருக்கும் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணைக் காட்டி வாதாடுவார்கள். அந்த எண் உங்கள் தொழில் பதிவாகியிருக்கிறது என்பதைத்தான் காட்டும், இந்தப் பாட்டிலுக்குள் இருக்கும் எண்ணெய்க்கு அது சான்று இல்லை, அதைத் தெரிந்த ஒருவர் வந்து மடக்கினால் உங்கள் மொத்தப் பதிலும் விழுந்துவிடும்.

"இன்பாக்ஸ் வாங்க" என்று மட்டும் எழுதாதீர்கள். பார்க்கிறவர்களுக்கு அது எதையோ மூடுவது போலத் தெரியும். பொதுவில் பதில் சொல்லிவிட்டு, ஆர்டர் விவரம், முகவரி, போன் நம்பர் மாதிரியானவற்றை மட்டும் இன்பாக்ஸுக்குக் கொண்டுபோங்கள்.

அவர் மறுபடி வந்தால்? புதிதாக ஒரு தகவல் சொன்னால் இன்னொரு பதில். அதே பாட்டைப் பாடினால் நிறுத்திவிடுங்கள். பதில்கள் சேரச் சேர `Most relevant` வரிசையில் அந்தக் கமெண்ட் மேலே ஏறும், கடைசியில் உங்கள் போஸ்டைத் திறப்பவர் கண்ணில் எண்ணெய்க்கு முன்னால் அந்தச் சண்டைதான் படும்.

விட்டுவிடுவது என்றால் முழுசாக விடுவது

கோமாளி முகத்துக்கு ஒரு சிரிப்பு ரியாக்ஷன் கூடப் போடாதீர்கள், அதுவும் கணக்கில் சேரும். உங்கள் தம்பி, மச்சான், கல்லூரி நண்பர்கள் என்று ஒரு படை கிளம்பி வரும், அவர்களை முதலில் போன் போட்டு அடக்குங்கள். உண்மையில் வம்பனைவிட இந்தப் படைதான் பேஜைக் கெடுக்கும். வாங்கிய வாடிக்கையாளர் தானாக வந்து நல்லதாக எழுதினால் அதற்கு ஒரு லைக் போடுங்கள், பதில் சொல்லுங்கள். இன்ஸ்டாகிராமில் அந்த மாதிரி மூன்று கமெண்டுகள் வரை மேலே பின் செய்து வைக்கலாம்.

மறைக்கும்போது என்ன நடக்கிறது

ஃபேஸ்புக்கில் கமெண்டுக்குப் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு `Hide comment` கொடுத்தால், எழுதியவருக்கும் அவருடைய நண்பர்களுக்கும் அது தொடர்ந்து தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. அவருக்குத் தகவலும் போகாது. பலருக்கு இது வியப்பாக இருக்கும், ஆனால் இதன் பலமே அதுதான். அழித்துவிட்டால் அவர் கவனிப்பார், "என் கமெண்டை அழிச்சிட்டாங்க, பயந்துட்டாங்க" என்று ஸ்கிரீன்ஷாட்டோடு ஊர் முழுக்கப் போடுவார். மறைத்தால் தன் கமெண்ட் அங்கேயே இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார்.

பலவீனமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. பூஸ்ட் செய்த போஸ்டில் எங்கோ தூரத்தில் இருந்து வந்தவர் என்றால், அவர் நண்பர்கள் உங்கள் பக்கம் வரப்போவதில்லை, மறைத்தால் போதும். ஆனால் அவர் உங்கள் ஊர்க்காரர் என்றால் அவருடைய நண்பர்கள்தான் உங்கள் வாடிக்கையாளர்கள். யாரிடமிருந்து மறைக்க வேண்டுமோ அவர்களுக்கே அது தெரிந்துகொண்டிருக்கும், உங்கள் திரையில் மட்டும் எல்லாம் முடிந்தது போல இருக்கும். உள்ளூர் ஆள் எழுதியதில் குற்றச்சாட்டு இருந்தால் பதில் சொல்லுங்கள், வசை இருந்தால் அழித்துவிட்டு அவரை பேஜிலிருந்தே தடை செய்யுங்கள்.

நம் நாலாவது கமெண்ட், அந்தப் பெண்ணைப் பற்றிய வசை, ஒரு நிமிடம்கூட இருக்கக் கூடாது. ஸ்கிரீன்ஷாட் எடுத்தாயிற்றா, மறைத்துவிட்டு ரிப்போர்ட் செய்யுங்கள், அந்த ஆளைத் தடை செய்யுங்கள், அப்புறம் அந்தப் பெண்ணுக்குத் தனியாக ஒரு வரி அனுப்புங்கள், நீக்கிவிட்டோம், வருத்தம் என்று. அவர் புகார் கொடுக்க விரும்பினால் cybercrime.gov.in தளத்தில் கொடுக்கலாம், ஸ்கிரீன்ஷாட்டும் லிங்க்கும் அங்கே பயன்படும்.

இன்ஸ்டாகிராமில் ஒரே ஆள் திரும்பத் திரும்ப வந்தால் `Restrict` கொடுங்கள். அதற்குப் பிறகு அவர் எழுதுவது, நீங்கள் அனுமதிக்காதவரை, அவருக்கு மட்டும்தான் தெரியும்.

தானாக மறைக்கும் வசதி வைக்கலாமா?

ஃபேஸ்புக் பேஜில் `Moderation Assist` என்று ஒன்று உண்டு. புரொஃபைல் படம் இல்லாதவர் எழுதியது, லிங்க் உள்ளது, நீங்கள் பட்டியல் போட்ட வார்த்தை உள்ளது என்று விதி வைத்தால் தானாக மறைத்துவிடும். நம் ஆட்கள் கெட்ட வார்த்தையை ஆங்கில எழுத்தில் நாலு விதமாக எழுதுவார்கள், ஆகவே அந்த நாலு எழுத்துக்கூட்டலையும் தமிழ் எழுத்தையும் சேர்த்தே பட்டியலில் போட வேண்டும், எழுதக் கூச்சமாக இருந்தாலும்.

'கலப்படம்', 'ஏமாத்து', 'ரீஃபண்ட்' போன்ற வார்த்தைகளை மட்டும் அதில் சேர்க்காதீர்கள். காசு கட்டியும் பார்சல் வராத ஒருவர் எழுதுவது உங்கள் கண்ணில் படாமலேயே மறைந்துபோகும், அடுத்து அவர் கூகுள் மேப்பில் ஒரு ஸ்டார் ரிவ்யூ போடுவார், அங்கே உங்களுக்கு மறைக்கும் பட்டனே கிடையாது, பதில் சொல்லலாம் அல்லது விதிமீறல் என்று ரிப்போர்ட் செய்யலாம், அவ்வளவுதான். தானாக மறைந்தவற்றையும் வாரம் ஒருமுறை திறந்து பார்த்து, நியாயமான கமெண்ட் சிக்கியிருந்தால் `Unhide` கொடுத்துவிட்டுப் பதில் எழுதுங்கள்.