அடிபடாமலே குழந்தை நொண்டினால்: முட்டியை விட்டுவிட்டு இடுப்பைப் பாருங்கள்

சனிக்கிழமை காலை என் ஐந்து வயது மகன் கட்டிலை விட்டு இறங்கி, வலது காலைத் தரையில் முழுதாக ஊன்றாமல் விந்தி விந்தி நடந்து வந்தான். முந்தைய நாள் எங்கும் விழவில்லை. "எங்கடா வலிக்குது?" என்று கேட்டால் முழங்காலைக் காட்டினான். முழங்காலில் வீக்கமோ சூடோ இல்லை. பாராசிட்டமால் சிரப் கொடுத்தேன், மதியம் ஒரு கிளினிக்கில் முழங்காலுக்கு எக்ஸ்ரே எடுத்தோம், எலும்பு நன்றாக இருந்தது. மாலையில் காலை ஊன்றவே மறுத்தான். குழந்தை மருத்துவர் முட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் தொடையை லேசாக உருட்டினார். அவன் அலறினான். "முட்டி நல்லாத்தாம்மா இருக்கு. வலி இடுப்பு மூட்டுல" என்றார்.

அன்று நான் தடுமாறிய இடங்களை மனதில் வைத்துத்தான் இந்த வரிசையை எழுதுகிறேன்.

1. சிரப்புக்கு முன் தெர்மாமீட்டர்

நொண்டும் குழந்தையைப் பார்க்கும் மருத்துவர் முதலில் கேட்பது காய்ச்சலைத்தான். நான் பாராசிட்டமால் கொடுத்த பிறகு பார்த்ததால், காய்ச்சல் இல்லையா, அல்லது மருந்தில் இறங்கியதா என்று சொல்ல முடியவில்லை. அளந்து நேரத்தோடு குறித்துவிட்டு, பிறகு மருந்து கொடுங்கள். நெற்றிக்கு நேரே நீட்டும் துப்பாக்கி மாதிரி கருவியில் எனக்கு நம்பிக்கை இல்லை. வியர்த்த நெற்றியில் அது ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு எண் காட்டும். அக்குளில் வைக்கும் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டரே போதும்.

2. பாதத்தில் தொடங்கி மேலே போங்கள்

அரைக்கால் சட்டையோடு வெறுங்காலில் பத்தடி நடக்க விட்டு, போனில் வீடியோ எடுத்து வையுங்கள். மருத்துவமனையில் பயத்தில் நடக்காமல் போனால் உதவும். பிறகு உள்ளங்காலில் முள், விரலிடுக்கில் புண், நகம் சதைக்குள் வளர்ந்திருப்பது, செருப்புக் கடி பாருங்கள். காலில் புண் இருந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டியும் குழந்தை நொண்டும். ஆண் குழந்தையென்றால் விதைப்பையையும் பாருங்கள். விதை முறுக்கிக்கொண்டாலும் காலை அகட்டி நொண்டி நடப்பார்கள்; அது மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டிய விஷயம், நேராக அறுவை சிகிச்சை வசதியுள்ள இடத்துக்குப் போங்கள்.

3. இடுப்பு: என்னை ஏமாற்றிய இடம்

இடுப்பு மூட்டுக்கும் முழங்காலுக்கும் உணர்வு கொண்டுபோகும் நரம்புகள் பொது. அதனால் இடுப்பில் கோளாறு இருந்தாலும் குழந்தை தொடையையோ முட்டியையோதான் காட்டும். பொய் சொல்லவில்லை, அங்கேதான் வலிக்கிறது.

வீட்டில் பார்க்கும் முறை இது. குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள். முதலில் நல்ல காலில் செய்து காட்டுங்கள், பயம் போகும். தொடையின் மேல் உள்ளங்கையை வைத்து, சப்பாத்திக் கட்டை உருட்டுவது போல உள்பக்கமும் வெளிப்பக்கமும் மெதுவாக உருட்டுங்கள். பிறகு வலிக்கும் காலில் அதையே செய்யுங்கள். குழந்தை சொல்வதைவிட அதன் முகத்தையும், உடனே இறுகும் தொடைத் தசையையும் கவனியுங்கள். உள்பக்கம் உருட்டும்போது ஒரு காலைவிட மற்றது குறைவாகத் திரும்பினாலோ முகம் சுளித்தாலோ வலி இடுப்பிலிருந்து வருகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். சத்தம் போட்டால் அதோடு நிறுத்திவிடுங்கள், இன்னொரு முறை பார்க்க வேண்டாம்.

4. இன்றைக்கே போக வேண்டுமா?

மூன்றிலிருந்து பத்து வயதுக்குள், சளி பிடித்து ஒன்றிரண்டு வாரத்தில் வரும் இடுப்பு வலி பெரும்பாலும் மூட்டின் உள்சவ்வு தற்காலிகமாக வீங்குவதுதான். தானாகவே சரியாகிவிடும். என் மகனுக்கும் அதுதான். ஆனால் மூட்டுக்குள் சீழ் வைத்தாலும் முதல் நாளில் ஏறக்குறைய அப்படியேதான் தெரியும். சீழ் ஓரிரு நாளிலேயே குருத்தெலும்பை அரித்துவிடும், பிறகு என்ன செய்தாலும் மூட்டு பழையபடி வராது.

எனவே காய்ச்சலோடு நொண்டினால் அன்றே போக வேண்டும். காலை ஊன்றவே மறுத்தாலும், மூட்டை அசைக்க விடாவிட்டாலும் அப்படியே. மூன்று வயதுக்குக் கீழ் என்றால் காய்ச்சல் இல்லாவிட்டாலும் அன்றே காட்டுங்கள்: அந்த வயதில் சளிக்குப் பின் வரும் சாதாரண வீக்கம் அரிது, சீழ் வைப்பது அதிகம். நாம் பார்க்காத நேரத்தில் தடுக்கி விழுந்து கணுக்காலுக்கு மேலுள்ள எலும்பில் மெல்லிய கீறலும் விழுந்திருக்கலாம். அது முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும்.

குழந்தை வெளிறியிருந்து, காரணமில்லாமல் கன்றிய தடங்கள் இருந்து, இரவில் கால் வலியால் எழுந்து அழுதால் அன்றே ரத்தப் பரிசோதனை வேண்டும். ரத்தப் புற்றுநோய் சில சமயம் இப்படித்தான் தலைகாட்டும். வலியே இல்லாமல் கால் தொய்ந்துபோனால் அது மூட்டுப் பிரச்சினை இல்லை, நரம்பு. அதுவும் அன்றே.

5. அங்கே என்ன பார்ப்பார்கள்

1999-இல் பாஸ்டனில் கோகர் என்ற எலும்பு மருத்துவரும் குழுவினரும் நான்கு கேள்விகளை முன்வைத்தார்கள்: காய்ச்சல் உண்டா, காலை ஊன்ற மறுக்கிறதா, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர். 40-க்கு மேலா, வெள்ளணுக்கள் 12,000-க்கு மேலா. 'ஆம்' கூடக்கூட சீழ் இருக்கும் வாய்ப்பும் கூடும். இப்போது அதே போன்ற இன்னொரு ரத்தப் பரிசோதனையான சி.ஆர்.பி.யும் சேர்த்துப் பார்க்கிறார்கள். பிறகு வேறிடத்தில் சரிபார்த்தபோது இந்தக் கணக்கு முதலில் சொன்ன அளவுக்குத் துல்லியமாக வரவில்லை, எனவே ரிப்போர்ட்டைப் பார்த்து நாமே கூட்டிக் கழித்து முடிவெடுக்க வேண்டாம். ஸ்கேனில் மூட்டில் நீர் இருப்பது தெரியும், அது வெறும் நீரா சீழா என்று தெரியாது. சந்தேகம் இருந்தால் ஊசியால் எடுத்துப் பார்ப்பார்கள். சீழ் என்றால் அறுவை அரங்கில் மூட்டைக் கழுவி, ரத்தக்குழாய் வழியாக ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள்.

என் மகனுக்கு நான்கில் ஒன்றுதான், காலை ஊன்ற மறுத்தது. இடுப்பில் கொஞ்சம் நீர். இபுப்ரோஃபென் எழுதிக் கொடுத்து, இரண்டு நாளில் மீண்டும் வரச் சொன்னார்கள். நடுவில் காய்ச்சல் வந்தால் அந்த நிமிடமே. மூன்றாம் நாள் நடந்தான், ஒரு வாரத்தில் ஓடினான். (டெங்கு சீசனில் காய்ச்சலோடு இருக்கும் குழந்தைக்கு இபுப்ரோஃபெனை நீங்களாகக் கொடுக்காதீர்கள், ரத்தக் கசிவைக் கூட்டும்.)

பிற்சேர்க்கை 1: சுளுக்கு எடுக்கலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். காரணம் தெரிவதற்கு முன் வேண்டவே வேண்டாம். இழுத்து உருவுவதால் சுளுக்கு இல்லாத காலில் ஒன்றும் சரியாகாது. வலி கொஞ்சம் மட்டுப்பட்டால் ஒரு நாள் வீணாகும், அந்த ஒரு நாள்தான் சீழுக்குத் தேவை.

பிற்சேர்க்கை 2: ஒரு வாசகி எழுதியிருந்தார்: பன்னிரண்டு வயது மகன், கொஞ்சம் பருமன், ஒரு மாதமாக முட்டி வலி, முட்டி எக்ஸ்ரே இரண்டு முறை நார்மல். பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி நடக்கிறானா, தொடையை மடக்கினால் முட்டி தானாக வெளியே விலகுகிறதா என்று கேட்டேன். இரண்டுமே ஆம். இடுப்பு எக்ஸ்ரேயில் தொடையெலும்பின் தலை வளர்ச்சித் தட்டிலிருந்து நழுவியிருந்தது. ஒன்பது பத்து வயது தாண்டிய பிள்ளைகள் நொண்டினால் இதைத்தான் முதலில் நினைக்க வேண்டும். இரண்டு இடுப்பையும் நேராகவும், தவளை போலக் காலை விரித்தும் படம் எடுக்கக் கேளுங்கள்; நேர்ப்படத்தில் மட்டும் தவறிப்போகும். படத்தில் தெரிந்துவிட்டால் அந்த நிமிடத்திலிருந்து பிள்ளை நடக்கக் கூடாது, ஸ்கேன் அறை வரைக்கும்கூட. ஒவ்வோர் அடியிலும் எலும்பு இன்னும் நழுவலாம். சக்கர நாற்காலி கேட்டு வாங்குங்கள். அந்தப் பையனுக்கு மறுநாள் காலையில் ஸ்க்ரூ போட்டார்கள்.