குத்தகை முடிந்தும் ஆள் எழும்பவில்லை: மட்டக்களப்பில் வீட்டை விட்டுவிட்டு வந்தவர்களுக்கு

வெளிநாடு வந்த முதல் வருடத்தில், கல்லடியிலோ ஆரையம்பதியிலோ கல்முனையிலோ குத்தகைக்குக் கொடுத்துவிட்டு வந்த வீட்டை நினைக்கப் பலருக்கு நேரம் கிடைப்பதில்லை. உறுதியில் எழுதிய தவணை முடிகிறது. இருப்பவர் "இன்னும் ரெண்டு மாசம் பொறுங்கண்ணே" என்று வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புகிறார். மாதாமாதம் பணம் வங்கியில் விழுவதால் நீங்களும் பேசாமல் இருந்துவிடுகிறீர்கள். கெடுதல் தொடங்குவது அங்கேதான்.

முதலில் ஒன்று. நீங்கள் இப்போது வாழும் நாட்டின் வாடகைச் சட்டம் ஊர் வீட்டுக்குப் பொருந்தாது. காணி இருக்கும் இடத்துச் சட்டம்தான் பேசும், வழக்கும் அந்த எல்லைக்குரிய மாவட்ட நீதிமன்றத்தில்தான் நடக்கும். இங்கே தெரிந்தவர் சொன்ன "டிப்பாசிட் விதி", "அறுபது நாள் நோட்டீஸ்" எதையும் ஊருக்கு எழுதும் கடிதத்தில் சேர்க்காதீர்கள்.

தவணை முடிந்த பிறகு இருப்பவர் தருவது, தர வேண்டியது, வாடகை அல்ல. ஒப்பந்தம் முடிந்ததும் வாடகையும் முடிந்துவிட்டது. அதன் பிறகு உரிமையில்லாமல் வீட்டைப் பிடித்துவைத்திருப்பதற்கான நட்டஈட்டைத்தான் நீங்கள் கேட்க முடியும். சட்டத்தரணிகள் இதை 'மீன் புறொபிற்ஸ்' என்பார்கள். மட்டக்களப்பு வாவியில் பாடும் மீனுக்கும் இதற்கும் தொடர்பில்லை. தமிழில் இடைக்கால ஆதாயம் எனலாம். உரிமையின்றி இருப்பவர் அந்த வீட்டிலிருந்து உண்மையில் பெற்ற வருமானம், அல்லது சாதாரண முயற்சியோடு பெற்றிருக்கக்கூடிய வருமானம் என்பதே அதன் பொருள். எனவே அளவுகோல் பழைய வாடகை அல்ல, இன்று அந்த வீடு எவ்வளவுக்குப் போகும் என்பதுதான். மேல்மாடியை அவர் இன்னொருவருக்கு விட்டுக் காசு வாங்கியிருந்தால் அதுவும் கணக்கில் வரும்.

எந்தத் தாளில் எழுதினீர்கள்?

1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு முடிக்கப்பட வேண்டும். அப்படி முடித்த உறுதியில் '2024 டிசம்பர் 31 வரை' என்றிருந்தால் அன்றோடு உரிமை தானாக முடிகிறது. தனியாக வெளியேறும் அறிவித்தல் கொடுக்கத் தேவையில்லை, ஆனாலும் கோரிக்கைக் கடிதம் ஒன்று அனுப்பிவைப்பது நல்லது.

அவசரத்தில் வெளிக்கிட்டவர்கள் பலர் முத்திரை ஒட்டிய தாளில் இருவரும் கையொப்பமிட்டு வேலையை முடித்திருப்பார்கள். அந்தத் தாளில் இரண்டு வருடம் என்று எழுதியிருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது மாதாந்த வாடகைதான். அதை முடிக்க, ஒரு முழுக் காலண்டர் மாத அறிவித்தல் மாத முடிவில் முடியும்படி கொடுக்க வேண்டும். அந்த அறிவித்தல் காலாவதியாகும் நாளிலிருந்துதான் நட்டஈடு ஓடத் தொடங்கும். இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் தாளில் உள்ள திகதியிலிருந்து கணக்குப் போட்டு வழக்கு வைத்தால், அடியே ஆட்டம் கண்டுவிடும்.

கையொப்பம் யாருடையது என்பதையும் பாருங்கள். எங்கள் பக்கத்தில் வீடு பெரும்பாலும் பெண்ணுக்குச் சீதனமாக எழுதியிருக்கும், குத்தகை உறுதியில் கையொப்பமிட்டவர் கணவராக இருப்பார். ஒப்பந்தத்தின் மேல் வழக்கு வைப்பவர் குத்தகைக்குக் கொடுத்தவர், அதாவது கையொப்பமிட்டவர். அவர் காணிச் சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை. "வீடு உங்கட பேரில இல்லையே" என்று இருப்பவர் மறுக்கவும் முடியாது. சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 116 ஆம் பிரிவின்படி, குத்தகைக்காரராக உள்ளே வந்தவர் தன்னை உள்ளே விட்டவரின் உரிமையைக் கேள்வி கேட்க இடமில்லை. முதலில் வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

காசு வாங்கினால் என்ன ஆகும்

தவணைக்குப் பிறகும் அவர் தொடர்ந்து இருந்து, நீங்கள் பழைய வாடகையைச் சும்மா வாங்கிக்கொண்டு வந்தால், இரு தரப்பும் பேசாமலே புதுப்பித்துக்கொண்டதாக நீதிமன்றம் கருத இடமுண்டு. அப்போது அவர் மாதாந்த வாடகைக்காரர், சட்டப்படி இருப்பவர். இடைக்கால ஆதாயம் என்ற கோரிக்கையும் அந்த மாதங்களுக்குக் கிடையாது. ஊரில் உங்களுக்காகக் காசு வாங்கும் மச்சானோ அக்காவோ 'ஜனவரி மாத வாடகை பெற்றுக்கொண்டேன்' என்று பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்தால் போதும், எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அந்தச் சீட்டைத்தான் முதலில் நீட்டுவார்.

வங்கிக் கணக்கில் அவர் போடுவதைத் தடுக்க முடியாது. ஆனால் அதற்கு என்ன பெயர் என்பதை நீங்கள் உடனே எழுத்தில் சொல்லலாம். தவணை முடிந்த வாரத்துக்குள் பதிவுத் தபாலில் இப்படி ஒரு கடிதம் போக வேண்டும்:

"2024.12.31 ஆம் திகதியோடு குத்தகை முடிவடைந்துவிட்டது. அதன் பின்னர் தாங்கள் உரிமையின்றி இருக்கிறீர்கள். என் கணக்கில் தாங்கள் வைப்பிலிடும் எந்தத் தொகையும் வாடகையாக ஏற்கப்படவில்லை. அது என் உரிமைகளுக்குப் பாதகமின்றி, நட்டஈட்டின் ஒரு பகுதியாக மட்டுமே கணக்கில் வைக்கப்படும். திறப்பு ஒப்படைக்கும் நாளில் முற்பணக் கணக்கு தீர்க்கப்படும்."

தபாலகச் சீட்டைப் படமெடுத்து வையுங்கள், மூலத்தையும் ஊரில் ஒருவர் பத்திரப்படுத்த வேண்டும். வாட்ஸ்அப்பில் "சரி தம்பி, சித்திரை மட்டும் இருங்க" என்று ஒரு வரி அனுப்பினால் இந்தக் கடிதத்தின் பலம் போய்விடும். அனுமதி கொடுக்க விருப்பமென்றால் திகதியோடு எழுத்தில் கொடுங்கள், அந்தக் காலத்துக்கு என்ன தொகை என்பதையும் அதிலேயே சொல்லுங்கள்.

ஒரு கணக்கு

கல்லடியில் ஒரு வீடு என்று வைப்போம். நொத்தாரிசு உறுதி, இரண்டு வருடம், மாதம் 30,000 ரூபாய், திருப்பிக் கொடுக்க வேண்டிய முற்பணம் 180,000. தவணை 2024 டிசம்பர் 31 இல் முடிந்தது. ஆள் எழும்பவில்லை. மேலே சொன்ன கடிதம் ஜனவரி 3 ஆம் திகதி போனது. ஜனவரிக்கும் பெப்ரவரிக்கும் 30,000 படி போட்டார், பிறகு நிறுத்திவிட்டார். 2025 ஜூலை 1 இல் வழக்குத் தாக்கல். அதே வீதியில் அதே அளவு வீடு அப்போது 42,000 க்குப் போகிறது.

வழக்கு வைக்கும் வரை ஆறு மாதம், 42,000 படி 252,000. அவர் போட்ட 60,000 ஐக் கழித்தால் 192,000. முற்பணம் 180,000 ஐயும் கழித்தால் மிச்சம் 12,000. வழக்கு 14 மாதம் ஓடித் திறப்பு கைக்கு வந்தால் அதற்கு 588,000. ஆக மொத்தம் 600,000.

இப்போது 42,000 என்பதை நிரூபிக்க முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நீதிமன்றத்தின் முன் இருப்பது உறுதியில் உள்ள 30,000 மட்டுமே. ஆறு மாதத்துக்கு 180,000, கட்டிய 60,000 போக 120,000. முற்பணமோ 180,000. அதாவது வழக்கு வைக்கும் நாளில் நீங்கள்தான் அவருக்கு 60,000 கொடுக்க வேண்டியவர்! வெறும் வாய்ப்பேச்சில் "இப்ப நல்ல விலை போகுது" என்றால் இதுதான் நடக்கும். அயலில் அண்மையில் முடித்த ஒன்றிரண்டு குத்தகை உறுதிகளின் பிரதி, இல்லையேல் தகுதியுள்ள மதிப்பீட்டாளரின் அறிக்கை வேண்டும். மதிப்பீட்டாளர் நேரில் வந்து சாட்சி சொல்லத் தயாரா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

உறுதியில் 'தவணைக்குப் பின் நாளொன்றுக்கு 2,000 ரூபாய்' என்ற வாசகம் இருந்தால் வேலை சுலபம், சந்தை வாடகையை நிரூபித்துக்கொண்டிருக்கத் தேவைப்படாது. ஆனால் ஒரே நாட்களுக்கு அதையும் சந்தை வாடகையையும் சேர்த்துக் கேட்க முடியாது. உண்மையான இழப்பைவிட மிக அதிகமான தொகையாக இருந்தால் அதைத் தண்டமாகப் பார்த்துக் குறைக்கவும் இடமுண்டு. மாதம் 42,000 போகும் வீட்டுக்கு நாளுக்கு 2,000 என்றால் வாதாடலாம். 10,000 என்று எழுதினால் அது பயமுறுத்த மட்டுமே உதவும்.

மின்கட்டணப் பாக்கி, உடைந்த கதவு, பிடுங்கிய குழாய் இவையெல்லாம் இடைக்கால ஆதாயத்தில் சேராது. தனித்தனியாக, பற்றுச்சீட்டோடு கேட்க வேண்டும்.

வழக்கில் எழுத வேண்டியது

வீட்டை மீட்கும் வழக்கோடு இடைக்கால ஆதாயத்தையும் வாடகைப் பாக்கியையும் சேர்த்துக் கேட்கக் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 35 ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆகவே இரண்டு வரி கட்டாயம் இருக்க வேண்டும்: வழக்கு நாள் வரையான திட்டமான தொகை ஒன்று, அன்றிலிருந்து உடைமை கைக்கு வரும் வரை மாதம் இவ்வளவு என்று இன்னொன்று. இரண்டாவது வரி விடுபட்டால், நம் கணக்கில் 588,000 தான் போகும். காலதாமதமும் கூடாது. 1871 ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டம் வாடகைக்கும் இடைக்கால ஆதாயத்துக்கும் மூன்று வருடம்தான் தருகிறது. நான்காவது வருடம் முழித்தால் முதல் வருடக் காசு போனதுதான்.

குத்தகைக்குக் கொடுத்த இடத்தை விரைவாக மீட்க 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம் தனி வழியொன்றைத் திறந்திருக்கிறது. உங்கள் உறுதி அதற்குள் வருமா என்று சட்டத்தரணியிடம் முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். பல பத்து வருடமாக ஒரே ஆள் இருக்கும் பழைய வீடென்றால் 1972 ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் குறுக்கே வரலாம், அது வேறு கதை. வயல் குத்தகை அதைவிட வேறு. அங்கே கமநல அபிவிருத்திச் சட்டம் பேசும், இந்தக் கணக்கைக் கொண்டுபோய் வயலில் போடாதீர்கள்.

உங்களுக்காக ஊரில் நடப்பவருக்கு அற்றோனித் தத்துவம் வேண்டும். நீங்கள் இருக்கும் நாட்டில் இலங்கைத் தூதரகத்தில் கையொப்பமிட்டு அனுப்பி, ஊரில் பதிவு செய்ய வேண்டும். வழக்குத் தாக்கல் செய்ய, சமரசம் பேச, காசு பெற என்று அதிகாரங்களைப் பெயர் சொல்லி எழுதுங்கள். ஆனால் தத்துவக்காரர் தனக்கு நேரில் தெரிந்ததற்கு மட்டுமே சாட்சி சொல்லலாம். முற்பணம் கைமாறியபோது அவர் அங்கே இல்லையென்றால் அதைச் சொல்ல நீங்களே விமானம் ஏற வேண்டி வரலாம்.

கடைசியாக, பூட்டு. ஆத்திரத்தில் மச்சானை அனுப்பிப் பூட்டை மாற்றுவது, தண்ணீரையோ மின்சாரத்தையோ வெட்டுவது, சாமானை வெளியே வைப்பது எதுவும் வேண்டாம். அவர் பொலிசுக்குப் போவார், 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கச் சட்டத்தின் 66 ஆம் பிரிவில் விடயம் நீதவானிடம் போகும். முந்திய இரண்டு மாதத்துக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர் என்று கண்டால் அவரையே திரும்ப உள்ளே விடச் சொல்லிக் கட்டளை வரும். அங்கே உறுதியில் என்ன திகதி என்று யாரும் முதலில் பார்க்க மாட்டார்கள், யார் இருந்தார் என்றுதான் பார்ப்பார்கள்.