தமனி இரத்த வாயுப் பரிசோதனையான ஏபிஜி அறிக்கையில் முதலில் 20:1 பாருங்கள்

பைகார்பனேட் அளவை, கார்பன் டை ஆக்சைடு அழுத்தத்தை 0.03-ஆல் பெருக்கி வரும் எண்ணால் வகுங்கள். விடை 20-ஐ ஒட்டி இருந்தால் பி.எச். 7.4-ஐ ஒட்டி இருக்கும். குறைந்தால் இரத்தம் அமிலப் பக்கம் சாய்கிறது, கூடினால் காரப் பக்கம். இயல்பான கணக்கு: அழுத்தம் 40-ஐ 0.03-ஆல் பெருக்கினால் 1.2, பைகார்பனேட் 24-ஐ அந்த 1.2-ஆல் வகுத்தால் 20.

பாடநூல் இதைப் பக்கம் பக்கமாகச் சொல்லும். விஷயம் இவ்வளவுதான்: இரத்தத்தில் சேரும் அமிலத்தைப் பைகார்பனேட் பிடித்துக்கொள்கிறது. அப்போது உண்டாகும் கார்பானிக் அமிலம் தண்ணீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் பிரிய, அந்த வாயுவை நுரையீரல் வெளியேற்றிவிடுகிறது. பி.எச்.-ஐ முடிவு செய்வது பைகார்பனேட், கார்பன் டை ஆக்சைடு இரண்டின் விகிதம், தனித்தனி அளவு அல்ல.

சர்க்கரை நோயாளி ஒருவருக்குக் கீட்டோன் அமிலம் ஏறிப் பைகார்பனேட் 12 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அழுத்தம் 40-லேயே நின்றால் விகிதம் 10, பி.எச். 7.1. அவர் ஆழமாக, வேகமாக மூச்சு வாங்கி அதை 25-க்கு இறக்கினால் விகிதம் 16, பி.எச். 7.3. அந்த மூச்சிரைப்புதான் அவரைத் தாங்கி நிற்கிறது. பதற்றம் என்று எண்ணி அடக்கப் பார்க்காதீர்கள்.

விகிதம் 20 என்பதற்காக எல்லாம் சரி என்று எழுதிவிடவும் கூடாது. நாள்பட்ட நுரையீரல் நோயாளி தொடர்ந்து வாந்தி எடுத்தால் பைகார்பனேட் 36, அழுத்தம் 60 என வரலாம். விகிதம் அப்போதும் 20தான், கோளாறுகளோ இரண்டு: நுரையீரல் நோய் அமிலப் பக்கம் இழுக்கிறது, வாந்தி காரப் பக்கம் இழுக்கிறது.