கோயிலுக்குப் பராமரிப்பாளர் தேவை: விளம்பரம் எழுதுவது எப்படி?

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் சின்ன மாரியம்மன் கோயிலுக்கு, வளாகத்திலேயே தங்கி வேலை பார்க்க ஒருவரைத் தேடி விளம்பரம் எழுதினோம். உங்கள் கமிட்டிக்கும் உதவும் என்று அந்த வரிசையிலேயே தருகிறேன்.

முதலில் வேலைகள். "கோயிலைப் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று பொதுவாக எழுதாதீர்கள். கதவு திறப்பது, வளாகம் கூட்டிக் கழுவுவது, பித்தளை விளக்குகளைப் புளி போட்டுத் தேய்ப்பது, இரவில் கேஸ் சிலிண்டரை மூடுவது என்று ஒவ்வொன்றாகப் போடுங்கள். பூஜை இந்த வேலையில் சேராது என்ற வரியும் வேண்டும். இல்லாவிட்டால் குருக்கள் வராத நாளில் ஆரத்தித் தட்டு இவர் கைக்குப் போய்விடும்.

அடுத்து வேலை நேரம். பெரும்பாலும் எல்லாரும் இடறுவது இங்கேதான். காலை 5 முதல் இரவு 9 வரை என்று கோயில் திறந்திருக்கும் நேரத்தையே போட்டால் செல்லாது. நம் நாட்டுச் சட்டப்படி வாரத்துக்கு 45 மணி நேரம்தான் சாதாரண வேலை. இன்றைய வேலை முடிந்து நாளைய வேலை தொடங்க 12 மணி நேர ஓய்வு வேண்டும். வளாகத்திலேயே தங்குபவருக்கு நடுவில் 3 மணி நேரமாவது சாப்பாட்டு இடைவேளை இருந்தால், எழுத்து மூல ஒப்பந்தத்தோடு அந்த 12 மணி நேர ஓய்வை 10 மணி நேரமாக்கலாம். மதியம் நடை சாத்தும் கோயிலுக்கு இது நன்றாகவே பொருந்துகிறது.

அதனால் காலை 6 முதல் 10, மாலை 4.30 முதல் 8 என்று வைத்தோம். திங்கள் விடுமுறை. ஆனால் வார ஓய்வு தொடர்ந்து 36 மணி நேரம் இருக்க வேண்டும். ஞாயிறு இரவு 8க்கு முடித்து செவ்வாய் காலை 6க்கு வந்தால் 34 மணி நேரம்தான் ஆகிறது. செவ்வாய் அம்மனுக்கு உகந்த நாள், தாமதமாகத் திறக்க முடியாது. எனவே ஞாயிறு மாலை 6க்கே அவரை விட்டுவிட்டு, நடை சாத்துவதைக் கமிட்டிக்காரர்கள் முறை வைத்துப் பார்க்கிறோம்.

இப்போது சம்பளம். வாரம் 43 மணி நேரம். அதில் ஞாயிறின் ஐந்தரை மணி நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கூலி. நாங்கள் எழுதியபோது குறைந்தபட்சக் கூலி, 2025 மார்ச்சில் வந்த விகிதப்படி, மணிக்கு 28.79 ராண்டாக இருந்தது. கணக்குப் போட்டதில் மாதம் சுமார் 5,710 ராண்ட் வந்தது. நாங்கள் 6,000 முதல் 6,800 என்று போட்டோம். தங்க அறை கொடுக்கிறோமே என்று அதை இந்தக் கூலியில் கழிக்கக் கூடாது. கூலி விகிதம் ஆண்டுதோறும் மார்ச்சில் மாறும், பார்த்துக்கொள்ளுங்கள்.

குணத்தைப் பற்றி "நல்லொழுக்கம் உள்ளவர்" என்று எழுதினால் எல்லாரும் தங்களைத்தான் நினைத்துக்கொள்வார்கள். "வளாகத்தில் குடி, புகை கூடாது; உண்டியல் சாவி இவரிடம் இராது; நடை சாத்திய பிறகு வருபவரிடமும் பொறுமையாகப் பேச வேண்டும்" என்று எழுதுங்கள். ஜூலு தெரிந்தால் நல்லது. போலீஸ் நற்சான்றும் கேட்கலாம்.

அலங்காரப் படமாகச் செய்யாமல் வெறும் எழுத்தாகவே வாட்ஸ்ஆப்பில் அனுப்புங்கள். அப்போதுதான் நகலெடுத்து மற்றவர்களுக்கும் அனுப்புவார்கள்.

பின்சேர்க்கை: கோயிலில் புனித வெள்ளியன்று நடக்கும் திருவிழா பற்றிச் சிலர் கேட்டிருந்தார்கள். அது அரசு விடுமுறை நாள். அவர் சம்மதித்தால் மட்டுமே அன்று வேலை, அதற்கு இரட்டைக் கூலி. அதையும் விளம்பரத்திலேயே சொல்லிவிடுங்கள்.