பேசாத அக்காவுக்குப் பிறந்தநாள் வாழ்த்து: எங்கே சொதப்புகிறோம்?

கூடப் பிறந்தவர்கள் வருடக்கணக்கில் பேசாமல் இருந்துவிட்டு, திரும்பப் பேச ஒரு சாக்கு தேடும்போது முதலில் கண்ணில் படுவது பிறந்தநாள்தான். வாழ்த்துச் சொன்னால் ஏன் சொன்னாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் அந்த வசதியை நம்பியே, இத்தனை நாள் மனதுக்குள் வைத்திருந்ததையெல்லாம் ஒரே மெசேஜில் ஏற்றிவிடுகிறவர்கள் அதிகம். வாழ்த்து சின்னதாகப் போய்விடும், மிச்சமெல்லாம் பெரிதாகத் தெரியும்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தஞ்சாவூரில் அக்கா, கோயம்புத்தூரில் தம்பி. அப்பா போன பிறகு ஊர் வீட்டைத் தம்பி பெயருக்கு மாற்ற வேண்டும் என்று அக்காவை சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வரச் சொல்லி, தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். குடும்பச் சொத்தில் பெண்களுக்கும் சமபங்கு என்று இந்து வாரிசுரிமைச் சட்டம் தமிழ்நாட்டில் 1989-லும், நாடு முழுவதற்கும் 2005-லும் திருத்தப்பட்டது. இருந்தும் ‘உன்னைத்தான் கட்டிக்கொடுத்தாச்சே’ என்ற பேச்சு நம் வீடுகளில் ஓயவில்லை. அக்கா முணுமுணுக்காமல் கையெழுத்துப் போட்டார். அடுத்த வருடம் அவர் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. தாய்மாமன் சீரோடு வந்து நிற்க வேண்டிய தம்பி, பத்திரிகையில் தன் பெயர் சரியாகப் போடவில்லை என்று சொல்லிப் போகவில்லை. அதோடு பேச்சு நின்றது. நாலு வருடம் ஆகிறது.

இந்தத் தம்பி இப்போது எழுத உட்கார்ந்தால், பெரும்பாலும் இப்படித்தான் எழுதுவார்:

“இனிய பிறந்தநாள் வாழ்த்துகள் அக்கா. நடந்ததெல்லாம் மனசுல வச்சுக்காத. நானும் எவ்வளவோ கஷ்டப்பட்டுட்டேன், உனக்குத் தெரியாது. அம்மா உன்ன நினைச்சு தினமும் அழறாங்க. அவங்க இருக்கும்போதே நாம ஒண்ணு சேரணும். எப்ப வீட்டுக்கு வர்ற? பதில் போடு.”

எழுதியவருக்கு இது உருக்கமாகத்தான் இருக்கும். அக்காவின் கண்ணால் ஒரு தடவை படித்துப் பாருங்கள்.

‘மனசுல வச்சுக்காத’ என்பது, தப்புச் செய்தவர் பாதிக்கப்பட்டவருக்குப் போடும் உத்தரவு. ‘பழசை மறந்துடலாம்’, ‘யார் மேல தப்புன்னு இப்ப எதுக்கு’ எல்லாமே இதே வகைதான். மறப்பதா வேண்டாமா என்பதை அக்கா முடிவு செய்ய வேண்டும். ‘நானும் கஷ்டப்பட்டேன்’ என்றதும் அவர் மனதில் உடனே ஒரு தராசு தொங்கும்: நீ பட்டது பெரிதா, சபையில் மாமன் இல்லாமல் என் பெண் மணையில் உட்கார்ந்தது பெரிதா? வாழ்த்து படிக்க வந்தவரை வழக்கு நடத்த வைத்துவிட்டோம்.

அம்மாவை இழுப்பது எனக்கு இன்னும் மோசமாகப் படுகிறது. அம்மா அழுவது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதை இங்கே எழுதினால், ‘அம்மாவுக்காக எழுதுகிறான், எனக்காக இல்லை’ என்று ஒரு பக்கம் தெரியும். ‘அம்மா அழ நான்தான் காரணமா’ என்று மறுபக்கம் குத்தும். அம்மாவே பக்கத்தில் உட்கார்ந்து எழுதச் சொல்லியிருந்தாலும் அந்த வரி வேண்டாம்.

கடைசியில் உள்ள கேள்வியும் ‘பதில் போடு’வும் சேர்ந்து வாழ்த்தை வேலையாக்கிவிடுகின்றன. ‘எப்ப வர்ற?’ என்றால் அவர் தேதி சொல்ல வேண்டும், இல்லை வரமாட்டேன் என்று சொல்ல வேண்டும், இல்லை சும்மா இருந்து திமிர் பிடித்தவள் என்று பெயர் வாங்க வேண்டும். நாலு வருட மௌனத்துக்குப் பிறகு வரும் முதல் செய்தியில் கேள்விக்குறியே இல்லாமல் இருப்பது நல்லது. ‘நல்லா இருக்கியா?’கூட வேண்டாம், ‘நல்லா இரு’ போதும்.

சரி, சண்டையைத் தொடாமல் ஒரு பழைய நினைவைச் சொல்லலாம் என்று தம்பி இரண்டாம் முறை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: “ஸ்கூல் விட்டு வரும்போது பன் வாங்கினா உன் பங்கையும் எனக்கே குடுத்துடுவ.” நினைவு அழகானது, நடந்ததும் அதுதான். ஆனால் வீட்டில் பங்கை எழுதிக் கொடுத்த அக்காவிடம் போய் ‘உன் பங்கை எனக்கே கொடுத்துடுவ’ என்று சொன்னால் அது எங்கே போய் விழும்? தம்பி யோசிக்கவே இல்லை, அக்காவுக்கு அது தவிர வேறெதுவும் தெரியாது. நினைவைத் தேர்ந்தெடுக்கும்போது சண்டைக்குக் காரணமான இடம், பொருள், ஆள், வார்த்தை எதுவும் அதற்குள் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இந்தக் குடும்பத்தில் ஊர் வீடு, அப்பா, சீர், விசேஷம் நான்கும் ஆகாது. அக்கா விட்டுக்கொடுத்ததைப் புகழ்வதும் ஆகாது, ஏனென்றால் விட்டுக்கொடுத்தே அவர் சலித்துப் போயிருக்கிறார்.

அந்த வடிகட்டலுக்குப் பிறகு மிஞ்சியது இது:

“அக்கா, பிறந்தநாள் வாழ்த்துகள். இன்னிக்குக் காலைல தெருவுல ஒரு பொண்ணு அவ தம்பிக்கு சைக்கிள் பழக்கிட்டு இருந்தா. வாடகை சைக்கிள்ல நான் குரங்குப் பெடல் போட, நீ கேரியரப் பிடிச்சுக்கிட்டு வாய்க்கால் வரைக்கும் ஓடி வந்தது ஞாபகம் வந்துச்சு. நல்லா இருக்கணும் நீ.”

இதில் மன்னிப்பு இல்லை, அழைப்பு இல்லை, கேள்வி இல்லை. பதில் எழுத விரும்பினால் அவர் கையில் ஒரு நூல் முனை இருக்கிறது. விரும்பாவிட்டால் சும்மா இருக்கலாம், யாருக்கும் குறையில்லை. ‘தெருவுல ஒரு பொண்ணு’ நிஜமாகவே கண்ணில் பட்டிருந்தால்தான் அந்த வரி. படவில்லை என்றால் நேராக நினைவுக்கே போய்விடலாம். கூடப் பிறந்தவர்களிடம் கதை கட்டினால் ஒரே வரியில் பிடித்துவிடுவார்கள்.

மன்னிப்பே கேட்க வேண்டாமா என்றால், இந்தத் தம்பி கட்டாயம் கேட்க வேண்டியவர்தான். ஆனால் பிறந்தநாளன்று வேண்டாம். மன்னிப்புக் கேட்டால் எதிரில் இருப்பவர் ஏதாவது சொல்லியாக வேண்டும், அவருடைய பிறந்தநாளை அதற்குச் செலவழிக்க வைக்கக் கூடாது. சீருக்கு வராமல் போனதற்கு நேரில் போய்த்தான் கேட்க வேண்டும், மச்சானும் மருமகளும் இருக்கும்போது. அதற்கு முதலில் வாசல் திறக்க வேண்டும்.

இன்னொன்று, விளிக்கும் முறை. சின்ன வயதிலிருந்து ‘நீ, வா, போ’ என்று பேசிய அக்காவுக்கு, பல வருடம் கழித்து எழுதுகிறோமே என்று ‘நீங்கள் நலமுடன் வாழ இறைவனை வேண்டுகிறேன்’ என்று எழுதினால் அது பஞ்சாயத்துத் தலைவருக்கு எழுதியது மாதிரி இருக்கும். ‘நீங்க’ என்றே அழைத்துப் பழகிய குடும்பம் என்றால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். பூங்கொத்துப் படம் போட்ட ஃபார்வர்டு அனுப்புவதற்கு ஒன்றும் அனுப்பாமலே இருந்துவிடலாம். அவர் பெயர் அதில் இருக்காது, அது யாருக்கும் போகும்.

தேதியில் கோட்டை விடுகிறவர்களும் உண்டு. நம்மில் பலருக்குப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வசதியாக வீட்டார் கொடுத்த தேதிதான் சான்றிதழில் இருக்கிறது, ஃபேஸ்புக்கிலும் அதுவே ஏறியிருக்கும். அந்தத் தேதியில் ஆபீஸ்காரர்கள் வாழ்த்துவார்கள். கூடப் பிறந்தவனும் அன்றைக்கே வாழ்த்தினால், நிஜத் தேதிகூட மறந்துபோச்சு என்று அர்த்தம். சில வீடுகளில் தமிழ் மாதமும் நட்சத்திரமும்தான் கணக்கு, ஆங்கிலத் தேதி வருடா வருடம் மாறும். சிறுவயதில் வீட்டில் எந்த நாளில் பாயசம் வைத்தார்களோ அந்த நாளில் அனுப்புங்கள். நள்ளிரவு 12 மணிக்கு வேண்டாம், அந்த நேரத்தில் போன் சத்தம் போட்டால் வீட்டில் யாருக்கு என்ன ஆச்சோ என்றுதான் நெஞ்சு அடித்துக்கொள்ளும். காலை வேலை முடிந்து கொஞ்சம் உட்காரும் நேரமாகப் பாருங்கள்.

எங்கே அனுப்புவது? அவருக்கு மட்டும். குடும்ப குரூப்பில் போட்டால் சித்தி, பெரியப்பா எல்லோரும் கைதட்டும் சின்னத்தைப் போட்டு, அக்கா என்ன சொல்கிறார் என்று காத்திருப்பார்கள். பழைய போட்டோவை ஸ்டேட்டஸில் வைப்பதும் அப்படித்தான், ஊருக்கு நல்லவனாகத் தெரிய வைத்தது என்று அவர் நினைத்தால் தப்பில்லை.

அனுப்பிய பிறகு செய்யும் தவறுகள் தனி. ஒற்றை டிக்கோடு நின்றால் பிளாக் செய்திருக்கலாம், போன் அணைந்திருக்கலாம், நம்பரே மாறியிருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க மனைவி போனிலிருந்து அனுப்பிப் பார்க்காதீர்கள். பிளாக் செய்தவருக்கு அது பின்வாசல் வழியாக நுழைந்தது போலத்தான். நீல டிக் வரவில்லை என்றால் படிக்கவில்லை என்றும் இல்லை, அந்த வசதியை அணைத்து வைத்திருப்பவர்கள் நிறைய. பயந்துபோய் அழித்தால் ‘செய்தி நீக்கப்பட்டது’ என்ற தடம் அவர் போனில் நிற்கும். என்னமோ எழுதிவிட்டு எடுத்துவிட்டான் என்று அது ஒரு புதுச் சந்தேகம்.

பாகப்பிரிவினை வழக்கு கோர்ட்டில் நடந்துகொண்டிருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதிநியமம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின்படி, போனில் உள்ள செய்திகளை உரிய சான்றிதழோடு சாட்சியமாகத் தாக்கல் செய்யலாம். முன்பிருந்த சட்டத்திலும் இதற்கு வழி இருந்தது. அதனால் சொத்தைப் பற்றி ஒரு சொல்கூட வாழ்த்தில் வரக் கூடாது. வாய்தாவுக்கு முந்தைய நாள் பிறந்தநாள் வந்தால், எவ்வளவு சுத்தமான வாழ்த்தும் வக்கீல் சொல்லிக்கொடுத்ததாகத்தான் தெரியும். அந்த வருடம் விட்டுவிடுவதே மேல். அடி உதையால் பிரிந்த உறவுக்கும், ‘இனி எனக்கு எழுதாதே’ என்று தெளிவாகச் சொன்னவருக்கும் இந்தக் கட்டுரையில் எதுவும் பொருந்தாது. அங்கே எழுதாமல் இருப்பதுதான் சரி.

நம் தம்பிக்குச் சாயங்காலம் ‘தேங்க்ஸ் டா’ என்று வருகிறது என்று வையுங்கள். உடனே போன் போடத் தோன்றும். போடக் கூடாது, ஒரு சிரிப்புச் சின்னம் போட்டு நிறுத்திக்கொள்ளலாம். இரண்டு மூன்று வாரம் கழித்து, வேறு ஏதாவது சாதாரண விஷயத்தை அனுப்பலாம். அன்றைக்கே ஜிபேயில் ஐயாயிரம் போட்டு ‘புடவை எடுத்துக்கோ’ என்று எழுதுவது எல்லாவற்றிலும் பெரிய தவறாக முடியும். வராத சீருக்கு இப்போது பணம் கட்டுகிறான் என்று எடுத்துக்கொண்டு, அக்கா அந்தத் தொகையை அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார்.