பேராசிரியரிடம் அவகாசம் கேட்கும் மெயில்: மன உளைச்சலை மூன்று வரியில் எழுதுவது எப்படி

எம்.ஏ. இரண்டாம் ஆண்டில் நாட்டுப்புறவியல் தாளுக்கு ஒரு கள ஆய்வு அசைன்மென்ட் இருந்தது. ஊர்ப்பக்கம் பாட்டிமார்களிடம் பதிவு செய்துவந்த 14 தாலாட்டுப் பாடல்களைக் கேட்டு எழுதி, குறிப்புரையோடு கொடுக்க வேண்டும். கடைசி நாள் மார்ச் 10, திங்கட்கிழமை. அதற்கு முந்தைய வியாழக்கிழமை என் கையில் இருந்தது 9 பாடல்தான்.

சோம்பல் இல்லை. மூன்று வாரமாக விடியற்காலை மூன்று மணிக்கு முன்னால் கண் மூடவில்லை. ஹெட்போனை மாட்டி ஒரே அடியைப் பத்துத் தடவை ஓட்டினாலும், கையில் பேனாவை எடுப்பதற்குள் கேட்டது மறந்துவிடும். காய்ச்சல் கிடையாது, வீட்டில் துக்கம் கிடையாது, காட்டுவதற்கு ஒரு மருந்துச் சீட்டுகூடக் கிடையாது. பள்ளிக்கூடத்தில் விடுப்பு விண்ணப்பம் எழுதச் சொல்லிக் கொடுத்தார்கள்தான். ஆனால் அதில் வரும் பிள்ளைக்கு எப்போதும் காய்ச்சல்தான் வரும்.

கடைசியில் மெயில் எழுதினேன், அவகாசமும் கிடைத்தது. அதற்குமுன் இரண்டு தடவை தப்பாக எழுதினேன். நீங்கள் நேராக மூன்றாவது தடவைக்குப் போகலாம் என்பதற்காக இந்தப் பதிவு.

1. தேதி யார் கையில் இருக்கிறது?

இதை முதலில் பாருங்கள். அசைன்மென்ட், செமினார் கட்டுரை போன்ற இன்டர்னல் வேலைகளின் தேதியைப் பெரும்பாலும் பாடம் எடுக்கும் ஆசிரியரே வைக்கிறார். அவரே தள்ளியும் வைக்கலாம். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் கடைசி நாள் அப்படியில்லை. அது தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம் அறிவிப்பது. உங்கள் நெறியாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அதை அவரால் நகர்த்த முடியாது. அப்படிப்பட்ட சமயத்தில் அவரிடம் கேட்க வேண்டியது வேறு: வரைவை அவர் பார்க்கும் தேதியைத் தள்ளித் தரலாம், இயல் இயலாக வாங்கிக்கொள்ளலாம்.

2. மெயிலா, வாட்ஸ்அப்பா?

மெயில். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அவர் பேருந்தில் நின்றுகொண்டு படிப்பார், "சரி பார்ப்போம்" என்பார், அப்புறம் அது நூறு "காலை வணக்க"ப் படங்களுக்குக் கீழே போய்விடும். இன்டர்னல் மார்க் போடும் அன்று உங்களிடம் எழுத்தில் ஒன்றும் இருக்காது. உங்கள் ஆசிரியர் மெயிலே திறக்காதவர் என்றால், மெயில் அனுப்பிவிட்டு வாட்ஸ்அப்பில் "ஐயா, அசைன்மென்ட் தொடர்பாக மெயில் அனுப்பியுள்ளேன்" என்று ஒரு வரி போடுங்கள். காரணத்தை அங்கே எழுத வேண்டாம்.

மெயிலை மெயில் பெட்டிக்குள்ளேயே எழுதாதீர்கள். போனில் இருக்கும் நோட்ஸ் போதும். எழுதி முடித்து ஒட்டிய பிறகு, கடைசியாகப் பெறுநர் முகவரியைப் போடுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குப் பாதி வாக்கியத்தில் கை தவறி அனுப்பிய அனுபவம் எனக்கு உண்டு. ஜிமெயிலில் `Undo Send` 5 நொடிதான் தரும். அமைப்புகளில் அதை 30 நொடியாக மாற்றிக்கொள்ளலாம். மாற்றிவிடுங்கள்.

3. அந்த மூன்று வரி

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

என் முதல் வரைவு ஒன்றரைப் பக்கம். விடுதி அறைத் தோழியோடு வந்த மனத்தாங்கல், அப்பாவின் கடன், படித்து முடித்து என்ன செய்யப்போகிறோம் என்ற பயம், எல்லாம் அதில் இருந்தது. ஒரு வரிகூடப் பொய் இல்லை. அனுப்புவதற்கு முன் ஒரு தோழியிடம் காட்டினேன். படித்துவிட்டு அவள் சொன்னது: "இதைப் படிச்சா சார் தேதியைத் தள்ளிவைக்க மாட்டார்டி. உங்க அம்மாவுக்குத்தான் போன் பண்ணுவார்." சரிதான். அந்த மெயிலில் ஆசிரியர் என்ன செய்ய வேண்டும் என்பதே கடைசிப் பத்தியில்தான் வந்தது. அதற்குள் அவர் பயந்துபோயிருப்பார்.

இரண்டாவது வரைவில் நேர் எதிராகப் போனேன்: "உடல்நலக் குறைவு காரணமாக". மூன்றே சொல், கௌரவமாகவும் இருந்தது. ஆனால் அடுத்த கேள்வி "என்ன உடம்புக்கு? மருத்துவச் சான்று இருக்கா?" என்றுதான் வரும். அங்கிருந்து ஒரு பொய், அதைக் காக்க இன்னொரு பொய்.

மூன்றாவது தடவை ஒரு சோதனை வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு வாக்கியத்திடமும் கேட்டேன்: இது தெரியாமல் அவரால் தேதியை முடிவு செய்ய முடியுமா? முடியும் என்றால் அந்த வாக்கியத்தை வெட்டு. அறைத் தோழி போனாள், கடன் போனது, எதிர்காலமும் போனது. மிஞ்சியது மூன்று விஷயம்: எத்தனை நாளாக இருக்கிறது, இந்த வேலையை எந்த இடத்தில் தடுக்கிறது, அதற்கு நான் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறேன்.

இரண்டாவது விஷயத்தில்தான் நேர்மை தெரியும். "மிகவும் மன அழுத்தமாக இருக்கிறது" என்று யாரும் எழுதலாம். "பதிவுகளைக் கேட்டு எழுதும் அளவுக்குக் கவனம் நிற்கவில்லை" என்பதை அந்த வேலையைச் செய்து பார்த்தவர்தான் எழுத முடியும். உங்கள் வேலை கணக்கு என்றால் எந்தப் படியில் நிற்கிறீர்கள், ஆய்வகம் என்றால் எதைச் செய்ய முடியவில்லை, அதை எழுதுங்கள்.

சொல் விஷயத்தில் ஒன்று. டாக்டர் சொல்லாமல் "டிப்ரஷன்" என்று எழுதாதீர்கள். பேச்சில் எல்லோரும் சொல்கிறோம், ஆனால் எழுத்தில் அது நோயின் பெயர். மன உளைச்சல், தூக்கமின்மை என்றால் நீங்கள் அறிந்ததை மட்டும் சொன்னதாகும். டாக்டர் சொல்லியிருந்தால்கூட நோயின் பெயரை எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. "சிகிச்சையில் இருக்கிறேன்" என்பது போதும்.

மூன்றாவது விஷயத்துக்கு ஒன்றுமே செய்யவில்லை என்றால் அந்த வரியை விட்டுவிடுங்கள், கற்பனையாக எழுதாதீர்கள். நான் முந்தின நாள் கல்லூரி ஆலோசகரைப் பார்த்திருந்தேன். கல்லூரியில் அப்படி ஒருவர் இல்லை என்றால் இந்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இருக்கிறது. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். உயிரை விட்டுவிடலாம் போல் இருக்கிறது என்றால் மெயிலை மூடிவிட்டு முதலில் அந்த எண்ணுக்குப் பேசுங்கள், கூடவே ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். அசைன்மென்ட் அப்புறம்.

4. எத்தனை நாள் கேட்பது?

கூச்சத்தில் "இரண்டு நாள் மட்டும்" என்று கேட்பதுதான் வழக்கமான தப்பு. இரண்டு நாளில் முடியாது, மறுபடி கேட்க வேண்டிவரும், இரண்டாவது தடவை மரியாதை இருக்காது. என் கணக்கு இப்படி: நல்ல நிலையில் ஒரு பாடலுக்கு இரண்டு மணி நேரம். அப்போதிருந்த நிலையில் ஒரு நாளைக்கு ஒரு பாடல்தான். மீதி 5 பாடலுக்கு 5 நாள், குறிப்புரைக்கு 2 நாள், ஆக ஏழு. மார்ச் 10-லிருந்து ஏழு நாள் தள்ளினால் 17. வியாழனிலிருந்து 10 வரை இருந்த நாட்களை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. தூங்காத நாட்களுக்கு அதை விட்டுவைத்தேன். "சில நாட்கள்" என்று எழுதாமல் தேதியை எழுதுங்கள், கிழமையோடு.

5. முழு மெயில்

நான் அனுப்பியது இதுதான். பெயர் விவரங்களை மட்டும் எடுத்துவிட்டேன்.

> பொருள்: நாட்டுப்புறவியல் அசைன்மென்ட் – மார்ச் 17 வரை அவகாசம் வேண்டி – எம்.ஏ. 2ஆம் ஆண்டு
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> வணக்கம். நான் எம்.ஏ. இரண்டாம் ஆண்டு மாணவி (பெயர், பதிவு எண்). மார்ச் 10 அன்று தர வேண்டிய தாலாட்டுப் பாடல் தொகுப்பை மார்ச் 17, திங்கட்கிழமை தர அனுமதி கேட்டு எழுதுகிறேன்.
>
> மூன்று வாரமாக மன உளைச்சலில் இருக்கிறேன். தூக்கம் குறைந்துவிட்டதால், பதிவுகளைக் கேட்டு எழுதும் அளவுக்குக் கவனம் நிற்கவில்லை. நேற்று கல்லூரி ஆலோசகரைச் சந்தித்தேன். தொடர்ந்து சந்திக்க இருக்கிறேன்.
>
> 14 பாடல்களில் 9 முடிந்துள்ளன. அவற்றை இத்துடன் இணைத்துள்ளேன். அவகாசம் தர இயலாது என்றால், 10ஆம் தேதி முடிந்தவரை மட்டும் தரலாமா என்று தெரிவியுங்கள் ஐயா, அதன்படி செய்கிறேன்.
>
> நன்றி.
> (பெயர், பதிவு எண், கைபேசி எண்)

கேட்பது முதல் பத்தியிலேயே வந்துவிட்டதைப் பாருங்கள். காரணம் அதற்குப் பிறகுதான். "அனுப்புநர், பெறுநர்", "தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி" எல்லாம் மெயிலுக்கு வேண்டாம். ஒரு "ஐயா"வில் அந்த மரியாதை வந்துவிடுகிறது. அம்மையார் என்றால் "அம்மா" என்றே எழுதலாம். "மேம்" என்று கூப்பிட்டுப் பழகிய துறையில் திடீரென்று "அம்மா" என்றால் விநோதமாக இருக்கும் என்றால் பழக்கப்படியே எழுதுங்கள்.

இணைப்பைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். நான் மூன்று வரியில் சொன்னதைவிட அந்த 9 பாடல்தான் எனக்காகப் பேசியது என்று நினைக்கிறேன். ஒன்றுமே எழுதவில்லை என்றால், பதிவுகளின் பட்டியலோ பாதி வரைவோ இருப்பதை இணையுங்கள்.

ராத்திரி எழுதினால் `Schedule send` போட்டுக் காலை எட்டரைக்கு வைத்துவிடுங்கள். ராத்திரி 2:40 என்று நேரம் தெரிந்தால் உள்ளே எழுதாததையெல்லாம் அதுவே சொல்லிவிடும்.

6. பதில் வந்த பிறகு

எனக்கு மறுநாள் மதியம் வந்தது: "சரி. 17 காலை 10 மணிக்குள் துறையில் கொடுக்கவும். தாமதத்துக்கு ஒரு மதிப்பெண் குறையும். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்." நான் "நன்றி ஐயா, 17 காலை 10 மணிக்குள் தருகிறேன்" என்று மட்டும் பதில் போட்டேன். அந்த ஒரு மதிப்பெண்ணுக்காக வாதாடவில்லை. அவர் எழுதிய "உடம்பு" என்ன என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பின்சேர்க்கை: பின்னூட்டத்தில் ஒரு தம்பி, இந்த மெயிலை அப்படியே கூகுள் கிளாஸ்ரூமில் அசைன்மென்ட்டுக்குக் கீழே ஒட்டியதாகவும், வகுப்பே படித்துவிட்டதாகவும் எழுதியிருந்தார். அங்கே இரண்டு பெட்டி இருக்கிறது. `Class comments` எல்லோருக்கும் தெரியும், `Private comments` ஆசிரியருக்கு மட்டும். போன் திரையில் தப்பாகத் தொடுவது சுலபம். அதனால் காரணத்தை அங்கே எழுதவே வேண்டாம், மெயிலோடு விடுங்கள்.

இன்னொன்று: இவ்வளவு எழுதியும் "மருத்துவச் சான்று கொண்டுவா" என்று பதில் வந்தால் என்ன செய்வது என்று இரண்டு பேர் கேட்டார்கள். தெருமுனை கிளினிக்கில் காய்ச்சல் என்று சீட்டு வாங்காதீர்கள், நீங்கள் எழுதிய மெயிலை அதுவே பொய்யாக்கிவிடும். ஆலோசகரிடமோ டாக்டரிடமோ, இன்ன தேதியில் வந்து பார்த்தார் என்று மட்டும் ஒரு வரி எழுதித் தரக் கேளுங்கள். என்ன பேசினீர்கள் என்பது அதில் இருக்க வேண்டியதில்லை. ஒரு தங்கை அப்படி வாங்கிக் கொடுத்து நான்கு நாள் அவகாசம் பெற்றதாக எழுதியிருக்கிறாள்.